நாயே இல்லாத துரத்தல்

மார்ச் 4
விமான நிலையத்தில் என் டாக்ஸியில் ஏறிய ஒரு அம்மாவின் பெட்டியை டிக்கியில் வைக்கக் குனிந்தேன். ஆரம்பித்தது. முதலில் இதயம், விலாவை உள்ளிருந்து குத்துவது போல. பிறகு தலை தெறிக்கும் வலி. பிறகு வியர்வை. ஏசி ஓடும்போதே சட்டை முதுகோடு ஒட்டியது. கண்ணாடியில் முகம் வெளுத்துக் கிடந்தது. பதினைந்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி. அந்த அம்மா கேட்டார்: "தம்பி, நீங்க ஓட்டுறீங்களா, இல்ல நான் ஓட்டட்டுமா?"

மார்ச் 9
ஒன்றும் வரவில்லை.

மார்ச் 15
இரண்டு முறை. இரண்டும் பெட்டி தூக்கக் குனிந்தபோது. மனைவியிடம் சொன்னேன். "மனசுல எதையோ போட்டுக் குழப்பிக்கிறீங்க. என்னன்னு சொன்னாத்தானே தெரியும்?" என்றாள். என்ன சொல்வது? காரணமே இல்லாமல் பயம் வருகிறது என்றா?

மார்ச் 18
தெருமுனை டாக்டர் பார்த்தபோது ரத்த அழுத்தம் ஒழுங்காக இருந்தது. பதற்றம்தான் என்று சொல்லி, படபடப்பைக் குறைக்க ஒரு மாத்திரை தந்தார்.

மார்ச் 20
மூன்றாவது மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில், சிக்னலில். இதுவரை வந்ததிலேயே மோசம். பின்னாலிருந்த பயணி "ஓரங்கட்டுங்க, ஓரங்கட்டுங்க" என்று கத்தினார். எப்படியோ ஓரங்கட்டினேன். அவர்தான் வேறு டாக்ஸி பிடித்து மருத்துவமனையில் சேர்த்தார். பெயர்கூடக் கேட்கவில்லை. அழுத்தம் 240/130.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "தலைவலி, வியர்வை, படபடப்பு — மூணும் சேர்ந்து வருமா?" ஆமாம் என்றேன். "அந்த மாத்திரைய இன்னையோட நிறுத்துங்க. வண்டியத் தொடாதீங்க."

மார்ச் 23
இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீரை ஒரு கேனில் சேர்க்க வேண்டும். குளிரிலேயே இருக்கணுமாம். ஃப்ரிட்ஜில் வைத்தேன். மகள் கொட்டை எழுத்தில் 'ஜூஸ் அல்ல' என்று எழுதி ஒட்டிவிட்டாள்.

மார்ச் 31
சிறுநீரில் ஏதோ ஒரு சுரப்பு பல மடங்கு அதிகமாம். பிறகு ஸ்கேன். இடது சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் நாலு சென்டிமீட்டர் கட்டி. நாய் துரத்தினால் உடம்பு சுரக்கும் அதே நீரை, நாயே இல்லாமல் அது ரத்தத்தில் கொட்டுகிறதாம். குனிந்தால் வயிறு அழுத்துகிறது, கட்டி பிழியப்படுகிறது. தெருமுனை டாக்டரின் மாத்திரை ரத்தக் குழாயைத் தளர்த்தும் வழியை அடைத்துவிட, குழாய்கள் இன்னும் இறுகி அழுத்தம் எகிறியிருக்கிறது.

அறுவைசிகிச்சைதான் வழி. வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

ஏப்ரல் 2
அதைச் சொல்லத்தான் போனேன். மயக்க மருந்து டாக்டர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அப்பா நாற்பத்தாறு வயதில் குடலிறக்க ஆபரேஷனில் மேஜையிலேயே போய்விட்டார், டாக்டர் கைராசி சரியில்லை என்றுதான் வீட்டில் பேசிக்கொள்வோம் என்றேன். அவர் பேனாவை மூடினார். "அவருக்கும் இதே கட்டி இருந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. தெரியாம மயக்க மருந்து கொடுத்தா அப்படி ஆகும். உங்களுக்கு இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். அதான் வித்தியாசம்."

மனைவி அழுதாள். அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த அந்த டாக்டரை இருபத்தெட்டு வருஷம் திட்டியிருக்கிறோம் — எனக்கு அதுதான் மனதில் ஓடியது.

சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 13
ஆபரேஷனுக்கு முன் ரத்தக் குழாயைத் தளர்த்த ஒரு மாத்திரை தருகிறார்கள், இன்று பதினோராம் நாள். அளவு ஏற ஏற மூக்கு அடைக்கிறது. சட்டென்று எழுந்தால் உலகம் சாய்கிறது. உப்பும் தண்ணீரும் தாராளமாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். படுத்து ஒரு முறை, நின்று ஒரு முறை அழுத்தம் பார்க்கிறாள் மனைவி.

இன்று முதல் இதயத்துக்கும் மாத்திரை. பார்த்தால் அதே பழைய மாத்திரை! "அன்னைக்கு விஷம், இன்னைக்கு மருந்தா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "அன்னைக்கு வரிசை தப்பு. முதல்ல குழாய், அப்புறம்தான் இதயம்."

ஏப்ரல் 20
முடிந்தது. வயிற்றில் நாலு சின்னத் துளை. கட்டியைத் தொட்டபோது அழுத்தம் 210. அதன் ரத்தநாளத்தைக் கட்டியதும் 80-க்குச் சரிந்திருக்கிறது. சலைனும் மருந்தும் தயாராக வைத்திருந்தார்களாம். ரத்தச் சர்க்கரை இறங்குமென்று மணிக்கொரு முறை விரலைக் குத்துகிறார்கள்.

மே 19
சோதனை சரி. வண்டி எடுக்கலாம். ஆனால் மரபணு அறிக்கையில், இந்தக் கட்டியை வரவைத்த மரபணுக் குறை பரம்பரையானது என்றிருக்கிறது. மகளுக்கும் பார்க்க வேண்டும். பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஜூன் 24
மகளின் முடிவு வாங்கப் போனோம். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. பழைய பழக்கத்தில் நாடி பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. தலை வலிக்கவில்லை. வியர்க்கவில்லை. இது வெறும் பயம். முழுக்க என்னுடையது.

அவளுக்கும் அந்த மரபணுக் குறை இருக்கிறது. கட்டி இல்லை. வருஷத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை.

"அவ்வளவுதானே, விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பினேன்.