பல்லைக் கடித்தவளுக்கு நன்றி

அன்புச் செல்லத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் சண்டித்தனம் செய்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், நீதான் போனையே எடுப்பதில்லையே. முதலில் வெற்றிச் செய்தி. அம்மாவின் ஆஸ்பத்திரி லேப் புதுக் கட்டடத்துக்கு மாறியே விட்டது, ஒரு நோயாளியின் பரிசோதனைகூடத் தடைபடவில்லை! மழைக்காலத்தில் தொடங்கிய வேலை, வெயில் கொளுத்தும்போதுதான் முடிந்தது. அதில் பாதிப் பாரம் எங்கள் ஃப்ரிட்ஜ் டாக்டர் தலையில், அதாவது ரத்த மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். பெட்டி சூடேறினால் மாதிரியெல்லாம் குப்பை, அதனால் அவர் போன் ஓயாமல் அடித்தது, மனிதர் சொந்த வீட்டுக்கே விருந்தாளி மாதிரி போய் வந்தார். கடைசியில் அம்மாவிடம் வந்து, லேப் மாறினதும் என்னை விட்டுடுங்க மேடம், இனிமே வீட்ல தாங்காது என்று சொல்லிவிட்டார். அவர் போனால் லேப்புக்கு ஒரு கை போன மாதிரி.

அதற்கு உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, பெரிய பழக்கூடை வாங்கி, உங்கள் பொறுமைக்கு நன்றி என்று அட்டை எழுதி அவர் மனைவிக்கு அனுப்பினாள். கூடை போய்ச் சேர்ந்த அதே ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி மக்கர் பண்ண, அவரையும் கூப்பிட்டுக்கொண்டாள். அன்று அவர் மகளுக்குப் பிறந்தநாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான். மறுநாள் அவர் தலையைச் சொறிந்துகொண்டே மனைவி சொன்னதை ஒப்பித்தாராம், நான் பொறுமையா இருந்தேன்னு யாரு சொன்னது, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அம்மா வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் சும்மா இருப்பேனா, ஒரு மேலதிகாரிக்கு வாழ்க்கைப்பட்டவன், இந்தப் பாடத்தில் பட்டமே வாங்கியிருக்கிறேன். பொறுமைக்கு நன்றின்னா இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோன்னுதான் காதுல விழும், அந்தப் பொண்ணு என்னென்ன செஞ்சான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போய்ச் சொல்லு என்றேன். முறைத்தாள், ஆனால் கேட்டுக்கொண்டாள்.

முதலில் அவரிடமே, நான் வீட்டுக்கு வந்து பேசலாமா, உங்களுக்குச் சங்கடமா என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பெண் நீச்சல் பயிற்சியாளர், பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் தன் சாயங்கால வகுப்பை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள். வெறும் வாய்ச்சொல்லோடு போகக்கூடாது என்று அம்மா நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி இன்னொரு மெக்கானிக்கைப் போட வைத்தாள், இவருக்குச் சேர்ந்தாற்போல் சில நாள் லீவும் வாங்கினாள். பிறகு அந்தப் பெண் சொன்ன நேரத்துக்குப் போனோம், வண்டி ஓட்டியவன் நான். கதவைத் திறந்தவள் உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அம்மா நின்றபடியே சொன்னாள், நீங்க சாயங்கால வகுப்பை விட்டதாலதான் அவர் எங்களோட நிக்க முடிஞ்சது, மாத்து ஆள் வைக்காதது என் தப்பு, அவர் தப்பில்ல. பிறந்தநாளன்னிக்குக் கூப்பிட்டதும் நான்தான், அந்த நாளைத் திருப்பித் தர முடியாது, ஆனா இனிமே அஞ்சு மணிக்கு மேல லேப் போன் வேற ஆளுக்குத்தான் போகும், உங்க வகுப்பை நீங்க எடுக்கலாம். அடுத்த வேலைக்கும் ஒத்துழைப்பு தாங்க என்று எங்கே சொல்லித் தொலைப்பாளோ என்று நான் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன், சொல்லவில்லை, பிழைத்தோம். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, நீங்க எத்தனை வருஷமா சார் பல்லைக் கடிக்கிறீங்க என்றாள். இப்ப இருக்கிறதெல்லாம் கட்டின பல்லும்மா என்றேன். சிரித்தாள் பார், அம்மாவும் சிரிக்க, உள்ளே ஒளிந்திருந்த ஃப்ரிட்ஜ் டாக்டரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அப்புறம்தான் நாற்காலி வந்தது, டீயும் வந்தது.

திறப்பு விழாவைக் காலையிலேயே வைத்தார்கள், அந்தப் பெண்ணின் சாயங்கால வகுப்பு கெடக்கூடாதே. முதல் சுவிட்சைப் போடப் பெரிய டாக்டர் உன் அம்மாவைக் கூப்பிட, அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போனாள். அந்தப் பெண்தான் சுவிட்சைப் போட்டாள், பெட்டிகள் உறுமின, கைதட்டலில் கண்ணாடி ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. ஃப்ரிட்ஜ் டாக்டர் வேலையை விட்டு எங்கேயும் போகவில்லை. அன்று வீட்டுக்கு வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்று, நான் தினம் கட்டிக்கொடுத்த சாப்பாடு, நான் தனியாகவே போய் வந்த கல்யாண வீடுகள், முழங்கால் வலியைச் சொல்லாமல் மறைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது! எனக்குக் கண் நிறைந்துவிட்டது, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

நீயும் இப்போது அப்படியொரு வேலையில்தான் மூழ்கியிருக்கிறாய். போன் செய்தால் மாப்பிள்ளை, அவ வேலையா இருக்கா மாமா என்கிறார், பதவிசாகத்தான் சொல்கிறார். ஆனால் பல் உரசும் சத்தம் எனக்குத் தெரியாதா. அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்று தெரியாவிட்டால் முதலில் கேள், பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி சொல். இருவரும் மனம் ஒத்து நீடூழி வாழ அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, பழக்கூடை வேண்டாம். மாப்பிள்ளைக்கு இன்னும் எல்லாம் சொந்தப் பல், அதைக் காப்பாற்று.

என்றும் உன் நினைவாக,
கட்டின பல்லோடு சிரிக்கும் அப்பா