மெஷின் சொன்ன எண்பத்தேழு

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மேற்கே இருந்து கச்சான் காற்று. களத்தில் காயும் நெத்திலி முழுக்க மணல். வலை போட்டு மூடி, நாலு மூலையிலும் கல். கீழக்கரைக்குப் போக வேண்டிய சரக்கு நாளைக்குத்தான்.

சாயந்திரம் மகள் ஆன்சி ராமநாதபுரம் பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். பதினொன்றாவது படிக்கிறாள், ஒரே பிள்ளை. ஒரு தாளை நீட்டினாள். போன வாரம் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த வீட்டுப்பாடம். ‘நான் பார்த்த ஒரு வேலை’ என்று தலைப்பு. நம் களத்தில் மீனைக் கீறி உப்பு போடுவதை எழுதியிருந்தாள். இப்போது எல்லா வரியிலும் மஞ்சள். மேலே 87 சதவீதம், மெஷின் எழுதியதாக இருக்கலாம் என்று.

“கருவாட்டுக் களத்துல இருந்து இந்த இங்கிலீஷ் வருமான்னு மிஸ் கேட்டாங்கம்மா. எல்லாரும் சிரிச்சாங்க.”

கூடவே இன்னொரு தாள். ‘செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதினேன், மன்னிக்கவும்.’ வெள்ளிக்குள் அவளும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இன்டர்னல் மார்க் பூஜ்யம், அப்புறம் விசாரணை. போட்டால் பள்ளியை விட்டுப் போகும்வரை அது அவள் ஃபைலில் இருக்கும்.

நீ எழுதினதா?

“ஆமா.”

மெஷின்கிட்டக் கேட்டியா?

“இல்லம்மா. மூணு வார்த்தைக்கு அர்த்தம் போன்ல பாத்தேன். சிவப்புக் கோடு விழுந்த ஸ்பெல்லிங்க மாத்துனேன். அம்புட்டுத்தான்.”

இருபது வருஷமாக முகம் பார்த்துச் சரக்கு வாங்குகிறேன். பொய் இல்லை.

ஜூலை 9, புதன்

காற்று குறையவில்லை. சரக்கு ஏற்றியாச்சு.

புது ஆளிடம் பேசப் போகுமுன் ஒரு பொட்டலம் முன்னால் போகும். நம் பழக்கம். கையில் எடுத்துப் பார்த்தால்தான் காது திறக்கும். நல்ல வஞ்சிரம் கருவாடு, வாழைச்சருகில் கட்டி, இங்கிலீஷ் மிஸ் வீட்டுக் கேட்டில் நானே கொடுத்தேன். நான் ஆன்சியோட அம்மா, நாளைக்கு வந்து பேசுகிறேன் என்றேன். வாங்கிக்கொண்டார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வேலை பாதி முடிந்த மாதிரி இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

முடியவில்லை. கெட்டது.

பிரின்சிபால் அறை. மேசை மேல் என் பொட்டலம், பிரிக்காமல். பக்கத்தில் மிஸ், தலை குனிந்து.

“இது எதுக்கும்மா?”

“மரியாதைக்கு சார்.”

“தப்பே பண்ணலன்னா மரியாதை எதுக்கு?”

சந்தையில் எனக்கு வாய் அடைத்ததில்லை. பெற்றோர் பொருள் கொடுத்து ஆசிரியரை வசப்படுத்த முயன்றதாக அவர் ஒரு தாளில் எழுதி, என் கண் முன்னால் ஃபைலில் வைத்தார். பிள்ளையின் ஃபைலில்.

ஆன்சி டைப் செய்ததெல்லாம் என் போனில். எந்த நாள் எந்த வரி மாறியது என்று அதிலேயே பார்க்கலாம் சார் என்று திறந்து காட்டினேன். பார்த்தார். “இதுல உங்க பேருதான் இருக்கு.” என் கணக்கில் திறந்ததால் என் பெயர்.

“சார், நான் பத்தாவது ஃபெயிலு. எனக்கு இந்த இங்கிலீஷ் தெரிஞ்சா நான் எதுக்குக் கருவாடு விக்கிறேன்?”

சிரிக்கவில்லை. “சாஃப்ட்வேருக்கு யார் மேலயும் கோபம் கெடயாதும்மா. நாளைக்குக் கையெழுத்து.”

பஸ்ஸில் ஆன்சி ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். உச்சிப்புளி தாண்டி ஒன்று மட்டும் கேட்டாள். “கருவாடு ஏம்மா கொடுத்த?”

ஜூலை 11, வெள்ளி

கையெழுத்துப் போடவில்லை. திங்கள்கிழமை எழுத்தில் பதில் தருகிறேன் என்று ஆபீசுக்குப் போன். “உங்க இஷ்டம்” என்று வைத்துவிட்டார்கள்.

ஒரு தடவை கேரளா பார்ட்டி மூட்டையில் ஈர மீட்டரைக் குத்தி, ஈரம் என்று லோடையே திருப்பினான். உப்பு தூக்கலாக இருந்தால் அந்த மீட்டர் ஏறும். வேறு மூட்டையில் குத்து, அதே மூட்டையில் மறுபடி குத்து, மீனை ஒடித்துப் பார் என்று நின்றேன். கடைசியில் லோடை இறக்கிக்கொண்டான். இதுவும் ஒரு மீட்டர்தானே.

ஜெராக்ஸ் கடை செல்வியிடம் போனேன். பள்ளி வைத்திருக்கும் அதே தளம். வரிசையாகப் போட்டது:

ஆன்சி கட்டுரை, அப்படியே: 87.
கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு: 52.
அதே கட்டுரை, வேறு தளத்தில்: 9.
அந்தப் பள்ளியின் பழைய ஆண்டு மலர் (என் தங்கை படித்த காலம், இந்த மெஷினெல்லாம் வருமுன் அச்சானது), ஒரு மாணவி எழுதிய இங்கிலீஷ் கட்டுரை: 78.
அதே மலரில் இதே பிரின்சிபாலின் வாழ்த்துரை: 93.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் விளக்கினாள். “அடுத்த வார்த்தை இன்னதுதான் வரும்னு சுளுவாச் சொல்ல முடிஞ்சா மெஷின்னு சொல்லிரும்க்கா. கைடு படிச்சு, இலக்கணம் தப்பாம, ஒரே சீரா எழுதுற பிள்ளைங்கதான் மாட்டும். வெளிநாட்டுலயும் இதே கூத்துதான்.”

தளத்தின் அடியில் பொடி எழுத்து. படிக்கச் சொன்னேன். இது ஊகம், இதை மட்டும் வைத்து மாணவர் மேல் நடவடிக்கை கூடாது என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். படம் எடுத்தாச்சு.

ஆன்சி இங்கிலீஷ் கற்றது கைடை மனப்பாடம் செய்து. அந்தச் சீர்தான் அவளைப் பிடித்துக் கொடுத்தது.

ஜூலை 12, சனி

கடிதம். டைப் வேண்டாம், என் கையெழுத்தில், தமிழில். நாலு தாள் கிழித்தேன். கடைசியில் நின்றது:

‘ஐயா, என் மகள் கட்டுரை மெஷின் எழுதியது என்பதை நான் ஏற்கவில்லை. மன்னிப்புத் தாளில் கையெழுத்திட மாட்டோம். எந்தத் தளம், என்றைக்கு, எந்தப் பகுதியைப் போட்டுப் பார்த்தீர்கள் என்ற முழு அறிக்கையின் நகல் வேண்டும். 87 என்பது 87 பங்கு மெஷின் எழுதியது என்று அர்த்தமல்ல, தளத்தின் ஊகம். அவர்கள் எச்சரிக்கையே இணைப்பில் உள்ளது. மூன்று வார்த்தைக்குப் பொருள் பார்த்ததையும் எழுத்துப்பிழை திருத்தியதையும் மறைக்கவில்லை. கையால் எழுதிய குறிப்பு ஆறு பக்கம், நாலு நாள் திருத்தங்களின் பதிவு இணைப்பு. போன் என்னுடையது என்பதால் என் பெயர் வருகிறது. அவளை உங்கள் முன் உட்காரவைத்துக் கேளுங்கள், எழுதச் சொல்லுங்கள். அதுவரை பூஜ்யம் போடக் கூடாது. கருவாடு கொடுத்தது என் பழக்கம், என் தப்பு. அதைப் பிள்ளை ஃபைலிலிருந்து எடுத்து என் பெயரில் வையுங்கள். கடைசியாக, இனி எந்த அளவுக்கு மேல் காட்டினால் தப்பு என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.’

கடைசி வரி எனக்கே பிடித்தது. அளவு தெரியாமல் சரக்கு எடுப்பது எப்படி.

ஆன்சி அப்பா படகு வேலை முடித்து வந்து படித்தார். “பிரின்சிபாலோட தொண்ணூத்து மூணையும் சேத்துப் போடு பிலோமி. மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கணும்.”

“பாத்தா நமக்குச் சந்தோசம். பிள்ளைக்கு என்ன லாபம்?”

மாணவி கட்டுரையை மட்டும் இணைத்தேன். மற்றது கைப்பையில்.

ஜூலை 14, திங்கள்

லேசான தூறல், மண்கூட நனையவில்லை.

ஆபீசில் கடிதத்தை வாங்கினார்கள், நகலில் சீல் வைக்க மாட்டார்களாம். “சீல் விழாம நான் எந்திரிக்கிறதா இல்ல தாயி” என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினொன்றரைக்கு சீல், தேதி, சுருக்கொப்பம்.

ஜூலை 16, புதன்

பதில் இல்லை. போனும் இல்லை.

ஆன்சி பக்கத்தில் உட்காரும் பிள்ளையை வேறு பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பையன்கள் “ஏலே, ரோபோ வருது, சார்ஜ் போடுங்கலே” என்கிறார்களாம். மற்ற டீச்சர்களும் இப்போது இவள் நோட்டை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

திட்டினால் திருப்பிப் பேசலாம். சும்மா இருப்பவனை என்ன செய்வது.

என் போனில் 87 காட்டிய அந்தத் தளம் திறந்தபடி. செல்வி கடையில் திறந்தது என்று மூடினேன். அப்புறம்தான் நினைவு, அங்கே பார்த்தது அவள் கம்ப்யூட்டரில்.

ஜூலை 18, வெள்ளி

கூப்பிட்டார்கள். பிரின்சிபால், இங்கிலீஷ் மிஸ், கணக்கு சார். என்னைச் சுவரோரம் உட்கார வைத்தார்கள், பேசக் கூடாது.

முதலில் கேள்வி. உப்புத் தண்ணீருக்கு நீ போட்ட இங்கிலீஷ் வார்த்தை எது, எங்கே கற்றாய், ஏன் மீனை முதுகில் கீறுகிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில், குரல் தாழ்ந்து. அப்புறம் தாள் கொடுத்து நாற்பது நிமிஷம், ‘என் ஊர் பஸ் ஸ்டாண்டு’.

மிஸ் வாங்கிப் படித்தார்கள். முகம் இளகியது. “இதுல இயல்பா இருக்கு சார். தப்புகூட இயல்பா இருக்கு.”

கையோடு கடிதம் தந்தார்கள். ‘இம்முறை போதிய ஆதாரம் இல்லாததால் புகார் கைவிடப்படுகிறது.’ மார்க் உண்டு. கருவாட்டுத் தாளை என் கண் முன்னால் ஃபைலிலிருந்து எடுத்தார்கள். பிரின்சிபால் எழுந்து நின்று சொன்னார்: “நீங்க கேட்டது நல்ல யோசனைம்மா. வர்ற திங்கள்ல இருந்து அளவு வச்சிருக்கோம். எல்லா வீட்டுப்பாடமும் மெஷின்ல போட்டுத்தான் வாங்குவோம். இருபதுக்கு மேல காட்டுனா திரும்பிரும்.”

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல. கேட்டது நான்.

வெளியே வந்து அவள் எழுதியதன் நகலைப் பார்த்தேன். எனக்கே தெரிந்த வார்த்தைகளில் பிழை. போன வருஷம் ஸ்பெல்லிங் போட்டியில் பரிசு வாங்கியவள்.

“பயமா இருந்துச்சா?”

“இல்லம்மா. பழகிட்டேன்.”

எதைப் பழகினாள் என்று கேட்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

வெயில். சாளை வரத்து நிறைய, விலை இறங்கும்.

பள்ளி விட்டு வந்ததும் ஆன்சி என் போனோடு வாசலில். நாளைக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரை, மழையைப் பற்றி. நான் உப்பு அளந்துகொண்டே, என்ன எழுதினே, தமிழில் சொல்லு என்றேன். சொன்னாள். ஒரு வரியில் என் கை நின்றுவிட்டது. அப்படி ஒன்றை எங்கிருந்து பிடித்தாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

“அது வேணாம்மா. அது இருந்தா முப்பத்தொண்ணு காட்டுது. ஏன்னு தெரியல.” அழித்தாள். இன்னும் ரெண்டு வார்த்தையில் எழுத்தை மாற்றித் தப்பாக்கினாள். மறுபடி போட்டாள். “இப்பப் பதினாலு.”

இருக்கட்டும், பள்ளிக்கு வேண்டாம், நான் இந்த டைரியில் எழுதி வைக்கிறேன், அந்த வரியை இன்னொரு தடவை சொல்லு என்றேன்.

போனில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

“மறந்துருச்சும்மா.”