செல்வியின் பையிலிருந்த மூன்று கிளிகள்

இன்று காலை மழை பிடித்தது. பட்டறை வாசலில் கொட்டிக் கிடந்த வெள்ளைக் களிமண் நனைந்து, அந்தக் குளிர்ந்த வாசனை தெருவெங்கும் எழுந்தது. நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது போலிருந்தது. நீ போய் நாலு வருஷமாகிறது. இருந்தபோது உன்னிடம் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் நாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தோம். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரப் பிசிறைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வைப்பது என் வேலை. சூளையில் வெந்து பளபளவென்று வந்தவற்றைத் தட்டில் அடுக்கி மேஸ்திரியிடம் ஒப்படைப்பது உன் வேலை. கம்மாபுரம் பக்கத்திலிருந்து நாங்கள் உன் அடுத்த வீட்டுக்குக் குடிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன. என் மகள் செல்விக்கு ஏழு வயது. புதுப் பள்ளிக்கூடம். என் மடியிலோ தூளியிலோ எப்போதும் அவளுடைய தம்பி. பள்ளி விட்டதும் பட்டறைக்கு வந்து, வேலை முடியும்வரை ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள்.

உன் தட்டில் கிளிப் பொம்மைகள் குறையத் தொடங்கின. ஒரே வாரத்தில் ஆறு. "இன்னொன்னு கொறைஞ்சா நாளையிலேர்ந்து வேலைக்கு வராத" என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் உன்னிடம் சொன்னார். நீ தட்டை மறுபடி எண்ணத் தொடங்கினாய். அன்று சாயங்காலம் வீட்டில் செல்வியின் பையில் மூன்று கிளிகளைக் கண்டேன்.

"நீதான எடுத்த?"

"இல்லம்மா. அத்த குடுத்தாங்க."

எடுத்ததைவிட, உன்மேல் பழி போட்ட அந்தப் பொய்தான் என்னைப் பித்துப் பிடிக்க வைத்தது. சூடு போடக் கரண்டியை அடுப்பில் செருகினேன். அதைப் பார்த்து அவள் அலறியதைக் கேட்டு நீ ஓடிவந்தாய்.

"இவளுக்கு நீ குடுத்தியா?" என்று கத்தினேன்.

"குடுக்கலடி. மொதல்ல அந்தக் கரண்டிய அடுப்புலேர்ந்து எடு."

உன் வேலையே போக இருந்தது. ஆனாலும் உன் குரல் உயரவில்லை. தரையில், அவள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாய்.

"செல்வி, இது பட்டறைக் கிளி. உன் பையில இருக்குது. எடுத்தியா இல்லயான்னு நான் கேக்கல. அது எனக்குத் தெரியும். இப்ப என்ன பண்ணலாம், சொல்லு."

அவள் பேசவில்லை. நீயும் அவசரப்படுத்தவில்லை. அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை; நீ தாங்கினாய். வெகுநேரம் கழித்து முனகினாள்: "இன்னும் மூணு, பள்ளிக்கூடத்துல குடுத்துட்டேன். குடுத்தாதான் ஆட்டத்துல சேத்துக்கறாங்க."

கரண்டியை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். நாலு மாதமாக என் பிள்ளை விளையாட ஆளில்லாமல் இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

"ஆட்டத்துல சேரணும்னு ஆசப்படறது தப்பில்ல" என்றாய். "கேக்காம எடுத்தது தப்பு. நாளைக்கு ரெண்டு பேரும் போயி குடுத்துட்டு வருவோம்."

மறுநாள் அவளையே கையில் கிளிகளோடு மேஸ்திரி முன்னால் நிறுத்தினாய். அவளுக்காக நீ பேசவில்லை; பக்கத்தில் மட்டும் நின்றாய். "நான்தான் எடுத்தேன்" என்று அவள் சொல்லி முடித்ததும், "இதுதான் அந்தத் திருட்டுப் புள்ளயா?" என்றார் அவர்.

"பேரு செல்விங்க. எடுத்தத எடுத்தேன்னு சொல்லிக் குடுக்க வந்திருக்குது."

அவர் உன்னையே பார்த்தார். பிறகு கிளிகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என் வாழ்நாளில் அப்படி ஒரு தைரியத்தை நான் பார்த்ததில்லை.

மற்ற மூன்றையும் அவளே கேட்டு வாங்கி வந்தாள், ஒன்று மூக்குடைந்திருந்தது. கழிவு மண்ணில் ஒரு பிடி அவளுக்குக் கொடுத்து, "இது ஒன்னோடது. யாருக்கு வேணும்னாலும் உன்னக் கேட்டுத்தான் எடுக்கணும்" என்றாய். தினமும் சாயங்காலம் தம்பியை உன் இடுப்பில் தூக்கிக்கொண்டு, "நீ அவளோட போயி வெளையாடு" என்று என்னை விரட்டினாய்.

ஆனாலும் இரண்டு மாதத்தில் யாருடைய பென்சிலோ அவள் பையில் வந்தது. நான் உடைந்து அழுதேன். "ஒரே நாள்ல மாறிடுமா? திரும்பச் சொல்லு, திரும்பக் குடுக்க வை" என்றாய். இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, புடவையை விலக்கிக் கணுக்காலில் இருந்த பழைய தழும்பைக் காட்டினாய்.

"ஒரு துண்டு வெல்லம் எடுத்ததுக்கு எங்கம்மா போட்ட சூடு. அதுக்கப்புறம் எடுக்கறத நிறுத்தல. மாட்டிக்காம பொய் சொல்லக் கத்துக்கிட்டேன்."

அடுத்த வருஷம் ஒரு நாள் செல்வி என் முன்னால் வந்து நின்றாள். "அம்மா, உன் கண்ணாடிய நான்தான் ஒடச்சேன்." வீட்டில் வேறு யாரும் பார்த்திருக்கவில்லை. தம்பிமேல் பழி போட்டிருக்கலாம்.

"சொல்லப் பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருந்துது. ஆனா நான் சொல்றத நீ அடிக்காம கேப்பன்னு நெனச்சேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை மாதம் அவளோடு தரையில் உட்கார்ந்தாய்! உடம்பில் வாங்கிய நெருப்பை இன்னொரு குழந்தைக்குக் கொடுக்காமல் உன்னோடு நிறுத்திக்கொண்டாய். அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. இப்போது எந்தக் குழந்தை என்னிடம் பொய் சொன்னாலும் நான் முதலில் கீழே உட்கார்ந்துகொள்கிறேன். முட்டி வலிக்கத்தான் வலிக்கிறது.