நனைக்காத கன்வஸ்

பாசமுள்ள நானா,

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலை பழகும் பிள்ளைகளுக்கு இனிமேல் பிளேன்டீக்குப் பதிலாகப் பால் டீ கொடுப்பது என்று நமது தையல் கடை முடிவெடுத்தது. ஆலோசனை கால் மணி நேரம் நடந்தது. நான் முன்மொழிந்தேன், நானே வழிமொழிந்தேன். மன்சூர் மாஸ்டர் வாயில் ஊசியோடு இருந்ததால் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. கட்டுகஸ்தோட்டையின் தையல் வரலாற்றில் இது ஒரு திருப்பம் என்று அன்றைக்கு நான் உண்மையாகவே நம்பினேன்.

நீங்கள் மௌத்தாகி, கடையைத் தம்பி என் கையில் விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. உங்களிடம் நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். ஓடர் கூடிவிட்டது. பேராதனைப் பக்கத்து ஹோட்டல் ஒன்று ஊழியர்களுக்கு இருபது சட்டை தைத்துப் பார்த்தது. பிறகு அறுபது கேட்டது. இந்த முறை இருநூற்று நாற்பது. ஒரு சட்டைக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய், துணி அவர்களுடையது. நீங்கள் இருந்திருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். “பிள்ளைகளுக்கு என்ன குடுக்கப் போற?” என்று கேட்டிருப்பீர்கள். கேட்க நீங்கள் இல்லை. ஆகவே நான் பதில் சொல்லவும் இல்லை.

பிள்ளைகளை உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போன பிறகு வந்தவர்கள். கடுகண்ணாவையிலிருந்து புஷ்பா. மடவளையிலிருந்து ரிஸ்னா. இருவருக்கும் இருபது வயது தாண்டிவிட்டது. வரும்போது பொத்தான் தைத்தார்கள், துணி விளிம்புக்கு ஓவர்லொக் அடித்தார்கள். ஆறு மாதத்தில் கொலர் தைக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். நாளுக்கு ஆயிரம் ரூபாயும் பகல் சாப்பாடும். நீங்கள் வைத்த ஒழுங்கையே அப்படியே தொடர்ந்தேன். ஆறு மாதத்தோடு பழகுநர் என்ற பெயர் முடியவேண்டும் என்பதும் உங்கள் ஒழுங்குதான். அதை மட்டும் மறந்துவிட்டேன். பிள்ளைகளின் பெயரில் ஊழியர் சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும் என்று தொழில் திணைக்களத் துண்டுப்பிரசுரம் ஒன்று சொல்கிறது. அது உங்கள் மேசை லாச்சியில்தான் இருக்கிறது. லாச்சியை நான் அதிகம் திறப்பதில்லை.

இருநூற்று நாற்பது சட்டை வந்த அன்று புஷ்பா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“மொதலாளி, ஒரு விஷயம் கேக்கணும். கட்டுநாயக்காவுல கார்மெண்ட்ல ஆள் எடுக்குறாங்க. சம்பளம் ஜாஸ்தி, தங்குறதுக்கு எடமும் இருக்கு. ஆனா அம்மாவ தனியா விட்டுட்டுப் போக முடியாது. அவங்களுக்குக் கண்ணு தெரியல. இங்க ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐநூறு வந்துச்சுன்னா நான் போகவே மாட்டேன்.”

ரிஸ்னா மெஷினிலிருந்தே தலையைத் தூக்காமல், “எனக்கும் சேத்துத்தான் கேக்குறா. நான் வெக்கப்பட்டு சும்மா ஈக்கிறன்” என்றாள்.

விஷயம் அவ்வளவுதான், நானா. நாளுக்கு ஐநூறு ரூபாய் கூடினால் ஒரு தாய்க்குப் பக்கத்தில் மகள் இருப்பாள். கூட்டியிருக்கலாம். ஆனால் நான் விஞ்ஞானத்தின் பக்கம் போனேன். இனி நாட்கூலி இல்லை, உருப்படிக் கூலி என்று அறிவித்தேன். வேலைக்கேற்ற ஊதியம். அதைவிட நியாயமான சொல் தமிழில் உண்டா?

கூலியை எப்படிக் கணித்தேன் தெரியுமா? ஃபோனில் நேரம் பார்க்கும் கருவியைப் போட்டு, மன்சூர் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விறைப்புக்கு உள்ளே கன்வஸ் துணி வைத்து, கொலரைத் தைத்து, புரட்டி, முனை தள்ளி, பட்டி சேர்க்க அவருக்கு ஒன்பது நிமிடம். எட்டு மணி நேரத்தில் ஐம்பத்து மூன்று கொலர். கொலருக்கு முப்பது ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு ஆயிரத்து ஐநூற்றுத் தொண்ணூறு. புஷ்பா கேட்டதற்கும் மேலே! அதைக் கொட்டை எழுத்தில் எழுதி, மின்குமிழ் வெளிச்சம் படும் சுவரில் ஒட்டினேன்.

மாஸ்டர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ரிஸ்வான், நான் முப்பது வருஷமா கொலர் தைக்கிறன். ஒன்பது நிமிஷம் எனக்கு. இந்தப் புள்ளைகளுக்குப் பதினைஞ்சு போகும். அதுகள்ட கைய வெச்சுப் பாத்தியா?”

“பழகினால் வேகம் வரும் மாஸ்டர்.”

“வரும். வாரவரைக்கும் என்னத்தத் தின்னுற?”

பதினைந்து நிமிடம் என்றால் எட்டு மணி நேரத்தில் முப்பத்திரண்டு கொலர், தொள்ளாயிரத்து அறுபது ரூபாய். பழைய நாட்கூலியைவிட நாற்பது ரூபாய் குறைவு. நான் கூலியை உயர்த்தியிருந்தேன், பிள்ளைகளுக்கு வருமானம் இறங்கியிருந்தது. அதோடு, நூல் வெட்டுவது, கட்டுகளைத் தூக்கிக் கொடுப்பது, மாஸ்டருக்குப் பொபினில் நூல் சுற்றுவது எல்லாம் உருப்படி இல்லை என்பதால் அவற்றுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் கையின் வேகத்துக்கே ஆயிரத்து ஐநூறு வரவேண்டுமென்றால் கொலருக்கு நாற்பத்தேழு ரூபாய் வைத்திருக்கவேண்டும். வித்தியாசம் பதினேழு ரூபாய். இருநூற்று நாற்பது சட்டைக்கும் நாலாயிரத்து எண்பது. இரண்டு சட்டையின் கூலிகூட இல்லை. இந்தக் கணக்கை நான் இன்றுதான் போட்டேன். அன்றைக்கு நேரம் கிடைக்கவில்லை, சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அட்டவணையின் கடைசி வரி: திரும்பி வரும் உருப்படிக்குக் கூலி இல்லை. பிழையாகத் தைத்தவர் தன் நேரத்தில் பிரித்துத் தைக்கவேண்டும். கவனம் வரட்டும் என்றுதான் எழுதினேன். யாருடைய கவனம் என்று எழுதவில்லை.

உங்கள் துண்டு முறையை மட்டும் மாற்றவில்லை. பன்னிரண்டு சட்டை ஒரு கட்டு, கட்டோடு ஒரு மட்டைத் துண்டு. வெட்டியவர் முதலில் தன் குறியைப் போடுவார், பிறகு கைமாறக் கைமாற ஒவ்வொருவரும் போடுவார்கள். வெட்டுபவரின் குறி வட்டம். அது உங்களுடையது. இப்போது என்னுடையது. ஒரு தடவை பள்ளிக்கூடக் காற்சட்டையில் இடுப்பைக் குறைத்து வெட்டிவிட்டு, துண்டைப் பார்த்து, பிரித்தவர்களின் கூலியை உங்கள் பங்கிலிருந்து கொடுத்தீர்களே, ஞாபகமா? அன்று நான் உங்களை ஏமாளி என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

கொலருக்கு வைக்கும் கன்வஸை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, அதன் பிறகே வெட்டவேண்டும். இது எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லித் தெரியும், கை வைத்தும் தெரியும். ஆனால் ஓடர் அவசரம், வெளியே மழை, காயப்போட இடமில்லை. எட்டுக் கட்டுக்கான கன்வஸை நனைக்காமல் வெட்டிக் கொடுத்தேன். எட்டுத் துண்டிலும் வட்டம் போட்டேன். அழகான வட்டம்.

சட்டைகள் தைத்து முடிந்து, ஈரத்துணி போட்டு அயர்ன் வைத்தபோது கன்வஸ் சுருங்கியது. தொண்ணூற்றாறு கொலர், தண்ணீரில் கிடந்த விரல் மாதிரி.

பிள்ளைகள் பிரித்தார்கள். நான் புதிய கன்வஸை நனைத்து, காயவைத்து, வெட்டிக் கொடுத்தேன். அவர்கள் திரும்பத் தைத்தார்கள். முழுதாக மூன்று நாள். வியாழக்கிழமை சம்பள உறையில் அந்த மூன்று நாளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. புஷ்பாவின் உறையில் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய், ஆறு நாளுக்கு.

அவள் எண்ணவில்லை. துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

“மொதலாளி, பிரிக்கிறதும் வேலைதானே?”

“அட்டவணையில் இருக்கிறதே புஷ்பா. பிழைக்குக் கூலி இல்லை.”

“சரிங்க. இதுல மொதல்ல இருக்கிற குறி யாருது?”

நான் துண்டைப் பார்த்தேன். வட்டம் வட்டமாகவே இருந்தது.

“இந்த முறை வந்த கன்வஸ் சரியில்லை. கடைக்காரனைத்தான் கேட்கவேண்டும்” என்றேன்.

ரிஸ்னா சிரித்துவிட்டாள். “கடைக்காரன நாங்க கேக்குறதா? அப்ப மழையையும் ஒருக்கா கேட்டுட்டு வாரமே!”

மாஸ்டர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். “நஸீர் நானா ஈந்திருந்தா...” என்று உங்கள் பேச்சைத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, ஊசியைத் திரும்பவும் வாயில் வைத்துக்கொண்டார்.

நானா, அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நனைக்கவில்லை, என் பிழை. ஏழு வயதுப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் பிழை என்று ஒத்துக்கொண்டால் கூலி கொடுக்கவேண்டும், கூலி கொடுத்தால் சுவரில் இருப்பதைக் கழற்றவேண்டும், கழற்றினால் ஆயிரத்து ஐநூறு என்ற பேச்சு திரும்ப வரும். ஆகவே, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், நான்கு நாள் யோசித்தேன். செவ்வாய்க்கிழமை யோசனையின் பலன் வந்தது. அதைத்தான் முதலில் சொன்னேன். பால் டீ.

புஷ்பா அன்று அந்தப் பால் டீயைக் குடித்தாள். நாசூக்கான பிள்ளை, வைத்ததைத் தள்ளமாட்டாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மிச்சமிருந்த கட்டுகளை முடித்தாள். ஹோட்டலுக்கு இருநூற்று நாற்பது சட்டையும் சொன்ன நாளில் போனது. அவர்கள் மிகவும் திருப்தி. கொலர் நன்றாக நிற்கிறதாம்.

அந்தச் சனிக்கிழமை காலை புஷ்பா கட்டுநாயக்கா பஸ்ஸில் ஏறினாள். தாயைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்கிறாளாம், அதற்கு மாதம் ஒரு தொகை. ரிஸ்னா வரவில்லை. வீட்டில் மெஷின் போட்டிருக்கிறாள் என்று மடவளை பஸ்ஸில் வருபவர்கள் சொல்கிறார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள்.

பிரித்த மூன்று நாளுக்கு, ஆளுக்கு நாலாயிரத்து ஐநூறு எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு உறையை மடவளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், வாசலில் நின்று, பழியை மழையின் மேல் போடாமல். மற்றதைக் கடுகண்ணாவையில் புஷ்பாவின் தாயின் கையில். அவருக்குக் கண் தெரியாது, எவ்வளவு என்று சொல்லவேண்டும், எதற்கு என்றும் சொல்லவேண்டும். சொல்வேன். சுவரில் இருந்ததைக் கழற்றிவிட்டேன். பசை போகவில்லை. இனி யார் வந்தாலும் அவர்கள் கையின் நேரத்தை வைத்தே கூலி, பிழைக்கு வட்டம் போட்டவன் பொறுப்பு. இது உங்களுக்குச் செய்யும் சத்தியம், நானா. நீங்கள் திருப்பிக் கேட்க முடியாது என்பதால் இலகுவாகச் செய்கிறேன் என்று எண்ணவேண்டாம்.

உங்கள் பங்கையும் சேர்த்து வைத்திருக்கும் தம்பி,
ரிஸ்வான்

பி.கு: ஹோட்டல் அடுத்த ஓடராக நானூறு சட்டை கேட்டது. முடியாது என்று எழுதிவிட்டேன். பிள்ளைகள் இருந்தபோது நான்கு நாளில் முடிந்த, டீக்கான பால்மா பைக்கற் இப்போது மூன்று வாரம் வருகிறது.