இரண்டாம் முறை கேட்க வேண்டியது

திருநெல்வேலி
2.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி எழுதுதேன். மூணு தடவை போன் போட்டாச்சு. மூணு தடவையும் மதினிதான் எடுத்து, "அவுக கோர்ட்டுல இருக்காக"ங்காக. ஞாயித்துக்கிழமை எந்தக் கோர்ட்டு அண்ணே? அதான் தபால்.

நாப்பத்தொரு வயசுல சட்டம் படிக்கப் போனவளைக் கல்லூரிப் பட்டிமன்றத்துல முதல் பேச்சாளரா நிறுத்திட்டாங்க. நர்ஸா இருந்தவளுக்கு ஏத்த தலைப்பாம்: "உதவியுடன் இறத்தலை, கடுமையான பாதுகாப்பு விதிகளோடு மட்டுமே சட்டம் அனுமதிக்க வேண்டும்." எதிரணியில கடையநல்லூர் ஹஸ்னா பானு. அவ வாயைத் திறந்தா மைக்கே வேண்டாம். ஆரம்பத்தை எழுதியிருக்கேன், திருத்தித் தாங்க:

"நடுவர் அவர்களே, கதவைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. கதவுக்குப் பூட்டும் வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறேன். கேட்பவர் பதினெட்டு வயது நிரம்பியவராக, தெளிந்த மனத்தினராக இருக்க வேண்டும். அவருக்காக வேறொருவர் கேட்க முடியாது. தீராத நோய், ஆறு மாதத்துக்குள் மரணம் என்று, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே எழுத வேண்டும். வலி தணிக்கும் சிகிச்சை முதலில் தரப்பட்டிருக்க வேண்டும். மருந்தை அவரே தம் கையால் அருந்த வேண்டும். கடைசி நொடிவரை, காரணம் சொல்லாமலே, அவர் வேண்டாம் எனலாம்."

ஆடித்தபசுக்கு வாரேன்.

உங்கள் தங்கை,
இசக்கிசெல்வி


சங்கரன்கோவில்
7.7.2025

அன்புள்ள செல்விக்கு,

நலம். உன் உரையை இருமுறை படித்தேன். சில திருத்தங்கள் சொல்கிறேன்.

தொடக்கத்திலேயே இரண்டைப் பிரித்துக்கொள். செயற்கைச் சுவாசம் போன்ற சிகிச்சையை மறுப்பதும் நிறுத்துவதும் நம் நாட்டில் இன்றே செல்லும். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. சாவதற்கென்றே மருந்து கொடுப்பது வேறு. அது இன்றும் குற்றம். நீ வாதிடுவது இரண்டாவதற்கு. இதைக் குழப்பினால் ஹஸ்னா பானு முதல் நிமிடத்திலேயே உன்னை உட்கார வைத்துவிடுவாள்.

"ஆறு மாதம்" என்பது மருத்துவரின் மதிப்பீடே தவிர உறுதி அன்று. அதை நீயே ஒப்புக்கொள். "தம் கையால் அருந்த" என்ற சொற்கள் போதா. விழுங்க முடியாதவன் என்ன செய்வான்? சில நாடுகளில் மருந்து இறங்கும் குழாயின் அடைப்பை நோயாளியே திறக்க விடுகிறார்கள். "இறுதிச் செயலை அவரே செய்ய வேண்டும்" என்று மாற்று.

ஒரு விதி விடுபட்டிருக்கிறது. இளையரசனேந்தல் இசக்கியம்மாள் தன் புஞ்சையை மூத்த மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்தபோது, "ஒங்க இஷ்டந்தானா?" என்று நான் கேட்டேன். "ஆமாய்யா" என்றாள். மகன் கதவருகே நின்றிருந்தான். என் குமாஸ்தா ஞானதுரை வழக்கம்போல் சாட்சிக் கையெழுத்திட்டான். அதை ரத்து செய்யக் கேட்டு அவள் நான்கு ஆண்டுகள் இந்நீதிமன்றப் படியேறினாள். இன்றும் அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சம். ஆகவே எழுது: கேட்பவரைத் தனியே வைத்துக் கேட்க வேண்டும். இடைவெளி விட்டு மறுபடி கேட்க வேண்டும். பயனடைவோரும் அவரைச் சார்ந்திருப்போரும் சாட்சியாகக் கூடாது.

உன் மதினி பேச்சித்தாய் நலம். சோற்றைக் குழைத்துத் தருகிறாள், குழந்தைக்குத் தருவதுபோல்.

அன்புடன்,
வீரபாண்டி


திருநெல்வேலி
12.7.2025

அண்ணே,

திருத்தம் எல்லாம் சரி. உரையை ஓரமா வச்சிட்டேன்.

கேட்பவனுக்கு வலி தாங்கலன்னு நீங்க எழுதல. கை வரலன்னு எழுதல. "விழுங்க முடியாதவன்"னு எழுதினீங்க. சோத்தைக் குழைச்சுச் சாப்பிடுதீங்க. போனை எடுக்க மாட்டேங்கீங்க. இருபது வருசம் வார்டுல நின்னவ அண்ணே நான், இந்த மூணையும் சேத்து வச்சுப் பாக்கத் தெரியாதா?

நாக்கு குழறுதா? எப்ப இருந்து? நீங்க சொல்லலன்னா நாளைக்கே பஸ் ஏறிருவேன். பரீட்சையாவது மண்ணாவது.

செல்வி


சங்கரன்கோவில்
17.7.2025

அன்புள்ள செல்விக்கு,

பரீட்சையை எழுதிவிட்டு வா.

மார்ச்சில் மதுரையில் உறுதி செய்தார்கள். தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் நோய். எனக்குப் பேச்சிலும் விழுங்குவதிலும் தொடங்கியிருக்கிறது. அறிவுக்கு இதுவரை குறைவில்லை. மூச்சின் அளவு குறைகிறது. முதலில் மாஸ்க் வழியாகக் காற்றுத் தரும் இயந்திரம், பின்னர் தொண்டையில் துளையிட்டுச் செயற்கைச் சுவாசம் என்று மருத்துவர் வரிசைப்படுத்தினார். வாதிட முடியாத வக்கீல், பத்திரம் மட்டும் எழுதுகிறேன்.

உன் பட்டிமன்றப் பொருளை நான் கேட்கவில்லை. சட்டம் இன்று தருவதை மட்டுமே கேட்கிறேன். முன்விருப்ப ஆவணம் ஒன்று தயாரித்துவிட்டேன்: மாஸ்க் இயந்திரமும் வேண்டாம், தொண்டைத் துளையும் வேண்டாம். எனக்கு நினைவு தவறினால் என் சார்பில் முடிவு சொல்பவளாக உன் பெயரை எழுதியிருக்கிறேன். மருத்துவமனையின் இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்து ஆராய்ந்த பிறகே அது நடைமுறைக்கு வரும். உன் தலையில் மட்டும் விழாது. நானே நோட்டரி என்பதால் என்னுடையதற்கு நானே சான்றளிக்க இயலாது. திருவேங்கடத்து நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டேன். சாட்சிகள் ஞானதுரையும் எதிர்வீட்டுக்காரரும்.

பேச்சித்தாய்க்குத் தெரியும். அவள் இப்போது நன்றாக உறங்குவதில்லை. தபசன்று வரும்போது உன் சம்மதத்தைத் தா.

அண்ணன்,
வீரபாண்டி


திருநெல்வேலி
11.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தபசன்னைக்கு மதினியைக் கோயிலுக்குப் போகச் சொல்லிட்டு, உங்க முன்னால உக்காந்து கேட்டேன். "இது ஒங்க இஷ்டந்தானா?" சிலேட்டுல "ஆம்"னு எழுதினீங்க. அழகான கையெழுத்து.

மதினி கோயிலுக்குப் போகல. கதவுத் திரைக்குக் கீழ அவுக கால் தெரிஞ்சுது. நீங்களும் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்க.

சாட்சி யாரு? ஞானதுரை. இருபத்தாறு வருசமா உங்க சம்பளத்துல இருக்குறவன். ஊருக்கெல்லாம் சாட்சி போட்ட பழக்கத்துல "ஏலே, இங்கன ஒரு கையெழுத்துப் போடு"ன்னுருப்பீங்க, அவனும் போட்டிருப்பான். எனக்குச் சொல்லிக்கொடுத்த விதியை உங்க பத்திரத்துல மறந்துட்டீங்க. அதனால என் சம்மதம் இன்னும் இல்ல.

பட்டிமன்றம் சனிக்கிழமை முடிஞ்சுது. நீங்க சொன்ன விதியைச் சேத்துத்தான் பேசினேன். ஹஸ்னா பானு எந்திரிச்சா: "அக்கா, பாரமா இருக்கோம்னு நெனைக்கிறவங்கள நூறு தடவ தனியா வச்சுக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. உங்க விதி அவங்க வாயைத்தான் காவல் காக்கும், மனசையா காக்கும்?" எனக்கு உங்க சிலேட்டு கண்ணுல நின்னுச்சு. "காவல் போதாதுன்னா இன்னும் ஒரு காவல் போடணும், கதவையே அடைக்கணும்ங்கக் கூடாது"ன்னேன். பரிசு அவளுக்குத்தான்.

இருபத்து நாலாந்தேதி வாரேன். மதினியை அன்னைக்குத் திருவேங்கடத்துக்கு, அவுக அண்ணன் வீட்டுக்கு அனுப்பிருங்க. பஸ் ஏறினதை நான் பாக்கணும்.

செல்வி


சங்கரன்கோவில்
29.8.2025

அன்புள்ள செல்விக்கு,

நீ இரண்டாம் முறை கேட்டபோது நான் ஒன்றும் எழுதவில்லை. நீயும் வற்புறுத்தாமல் சிலேட்டை என் மடியில் வைத்துவிட்டுக் காபி போடப் போனாய். திரைக்குக் கீழே அன்று யாருடைய காலும் இல்லை. யாருக்குப் பதில் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. இசக்கியம்மாளை அப்படி ஒரு வெற்று அறையில் ஐந்து நிமிடம் உட்கார வைத்திருக்க வேண்டும்.

பழைய ஆவணத்தை முறைப்படி ரத்து செய்துவிட்டேன். புதியதில் தொண்டைத் துளை வேண்டாம் என்ற வரி நிற்கிறது; அது என் இஷ்டம். மாஸ்க் வேண்டாம் என்ற வரி இல்லை. நேற்று இயந்திரம் வந்து இறங்கியது. சாட்சிகள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராமசுப்புவும் அவர் நண்பரும். எனக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஞானதுரைக்கு வருத்தம். "நம்மள விட்டுட்டு வெளியாளக் கூப்பிட்டிட்டீகளே அண்ணாச்சி" என்கிறான்.

ஏன் மாற்றினேன் என்று எழுதவில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது நீ எழுதிய விதி.

உன் பெயர் அப்படியே இருக்கிறது. சம்மதம் எழுத வரும்போது ஒரு காரியம் செய். பேச்சித்தாயைத் தனியே உட்கார வைத்து, என்னைப் பார்த்துக்கொள்வது அவள் இஷ்டந்தானா என்று கேள். இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. அவள் உடனே ஆமாம் என்றால் ஏற்றுக்கொள்ளாதே. பதினைந்து நாள் கழித்து மறுபடி கேள்.

அந்த நேரம் நான் தேரடி வரை நடந்துவிட்டு வருகிறேன். திரைக்குக் கீழே பார்த்து உறுதி செய்துகொள்.

அன்புடன்,
வீரபாண்டி