நீங்கள் ஆர், அண்ணை?

நெளுக்குளம்,
11.02.1961

அன்புள்ள பத்மாவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே மாமாவும் நீரும் உமது கோபமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று வவுனியாவில் எங்கள் நாடகம். காட்சிக்குக் காட்சி திரை மாற்றும் நேரத்தில் சனத்தைச் சிரிக்க வைப்பதுதானே என் வேலை. மதராஸ் படங்களில் வரும் அந்தச் சிரிப்பு நடிகரின் நடையோடு உள்ளே போனேன். இடுப்பை ஒரு வெட்டு, கண்ணை ஓர் உருட்டு, மூக்கால் ஒரு வார்த்தை. கொட்டகை முழுக்க விசில்!

உமக்கு மட்டும் சொல்கிறேன். அந்தக் கைதட்டல் முதல் வார்த்தைக்குத்தான். அடுத்ததற்குப் பாதி. அதற்குப் பிறகு சனம் கச்சான் கடலை உடைக்கத் தொடங்கிவிடுகிறது. முதலாளி, "இன்னொரு நடிகரையும் பழகு கனகு" என்கிறார். பழகத்தான் வேண்டும்.

ஓர் அறையும் குசினியும் உள்ள வீடு பார்த்து வைத்திருக்கிறேன். திரும்பி வந்துவிடும், மகாராணியாரே! இந்த அடிமை மண்டியிட்டுக் கேட்கிறான்!

உமது,
கனகலிங்கம்


இரணைமடுக் குடியேற்றம்,
20.02.1961

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவின் வயலில் கதிர் முற்றிவிட்டது, பகலில் கிளிக்கும் இரவில் பன்றிக்கும் காவல். வேறு புதினம், விசேஷம் இல்லை.

உங்கள் கடைசி வரியை நான் வாசிக்கவில்லை, மூக்கால் சொல்லக் கேட்டேன். அது உங்கள் குரல் இல்லை. அந்த நடிகர் தன் பெண்சாதியைக் கெஞ்சும் குரல்.

பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது என்று டொக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீங்கள் எந்தக் குரலில் ஆறுதல் சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். என்னையும் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் செய்தீர்கள், அது தெரியும். ஆனால் அந்த நேரம் எனக்கு ஒரு மனிதர் வேண்டியிருந்தது. தேடினேன், அகப்படவில்லை.

நான் கோபத்தில் வரவில்லை. அந்த வீட்டில் என்னோடு யார் இருக்கிறார் என்று தெரியாமல்தான் வந்தேன். இந்தக் கடிதத்தையும் யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பத்மாசனி


புதுக்குடியிருப்பு,
03.05.1961

பத்மாவுக்கு,

உம் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு மாதமாகப் பேனை எடுத்தேன், வைத்தேன். இன்று ஒரு நல்ல செய்தி இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் கெட்டது. இங்கே முதல் நாள் வழக்கம்போல மூக்கால் தொடங்கினேன். முன்வரிசையில் ஒருவன் எழும்பினான். "இதைப் படத்திலையே பாத்திட்டம். நீங்கள் ஆர், அண்ணை?" என்றான். பத்மா, எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. அந்த நடிகர் படத்தில் பேசியதெல்லாம் எனக்குப் பாடம். ஆனால் புதுக்குடியிருப்பில் ஒருவன் எழும்பிக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அது எந்தப் படத்திலும் இல்லை. இரவல் ஆளிடம் இரவல் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. திரைக்குப் பின்னால் ஓடினேன்.

இப்போது நல்லது. அந்த அவமானத்தில், நடிக்க ஒரு புது ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். வயலிலிருந்து வரும் ஒரு கிழவர். தோளில் சால்வை, காதில் ஒரு கை. எவர் எது சொன்னாலும், "ஓம் ஐயா, அப்பிடித்தான் ஐயா" என்று குனிவார். திரும்பி நின்று முணுமுணுப்பார். சினிமா வாடையே இல்லை. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. என் சொந்தச் சரக்கு!

அடுத்த மாதம் கிளிநொச்சியில் ஆடுகிறோம். வந்து பாரும்.

கனகலிங்கம்


இரணைமடுக் குடியேற்றம்,
18.06.1961

அத்தானுக்கு,

வந்து பார்த்தேன். அப்பாவையும் கூட்டி வந்தேன். அதை உங்களுக்குச் சொல்லவில்லை, உங்களுக்கு ஒரு சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

முதலில் அப்பாதான் எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தார். பிறகு மேடையில் உங்கள் கை காதுக்குப் போனது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. மெல்லத் தன் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிடும் ஓவசியருக்குமுன் அவர் குனிகிறார், உண்மை. அவருக்குக் காது கேட்காதென்பதும் உண்மை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி, இந்தக் காணியைப் பிடித்து வைத்திருக்க அவர் எத்தனை முறை குனிந்தார் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது மதகடியில் அவரைக் கண்டால், "ஓம் ஐயா, அப்பிடித்தான் ஐயா" என்று கூப்பிடுகிறார்கள். அவர் கடைப்பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

சொந்தச் சரக்கு என்று எழுதினீர்கள். மதராஸ்காரரிடம் எடுத்ததை விட்டு என் அப்பாவிடம் எடுத்திருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பில் நீங்கள் எங்கே? மேடையில் நின்ற எல்லோரையும் பார்த்தேன். உங்களை மட்டும் காணவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

பத்மாசனி


முல்லைத்தீவு,
09.08.1961

பத்மாசனிக்கு,

எழுத வேண்டாம் என்றீர். இதை வாசிக்காமல் கிழித்தாலும் சரி.

மாமாவின் வேஷத்தை விட்டுவிட்டேன். முதலாளி, "ஓடுற வண்டியை நிப்பாட்டுறாய், உனக்கு விசரோ?" என்று கத்தினார். என் இடத்துக்கு இன்னொருவனைத் தேடுகிறார், கிடைக்கும்வரை நான்தான். மாமாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது கடிதத்தில் முடியாது.

இங்கே முதல் நாள் ஒரு வேஷமும் போடாமல் மேடைக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடற்கரை மணலில் அவ்வளவு சனம். கால் நடுங்கியது.

"என்ன, மறந்துபோனியோ?" என்று ஒரு குரல்.

"மறக்கேல்லை. மறக்கிறதுக்கு நான் ஒண்டும் கொண்டுவரேல்லை" என்றேன். ஒரு சிறு சிரிப்பு. "எனக்குப் பயமெண்டு நினைக்காதேங்கோ. இந்தக் கால் எப்பவும் இப்பிடித்தான்" என்றேன். சிரிப்பு கொஞ்சம் பரவியது.

ஒரு மீனவக் கிழவர் கேட்டார்: "நீ வள்ளத்திலை ஏறியிருக்கிறியோ?"

"ஏறினனான். கரையிலை இழுத்து வைச்சிருக்கேக்கை."

யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. அங்கே நின்றவன் பயந்தவன், ஆனால் வீரன் என்று பேர் எடுக்கத் துடிக்கிறவன். அவனிடம் எதைக் கேட்டாலும் அவனுக்கு ஒரு பதில் இருக்கிறது.

மறுநாள் அதே வரிகளை அப்படியே சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நேற்று நான் பயந்தேன். இன்று நேற்றைய கனகலிங்கத்தைப் போல நடித்தேன். என்னைப் பார்த்து நானே பழகினாலும் உள்ளே பருப்பில்லாத வெறுங்கோதுதான். அதனால் இப்போது வரிகளைப் பாடம் பண்ணுவதில்லை. இந்தச் சனம் என்னை வீரன் என்று நம்ப வேண்டும் என்ற ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன். மற்றதெல்லாம் அங்கே, அவர்கள் முகத்தைப் பார்த்து வருகிறது. வியாபாரியைக் கெட்டித்தனமாக மடக்கும் பகிடி ஒன்று வைத்திருந்தேனே, எப்போதும் கைதட்டல் வாங்கும். அதையும் எறிந்துவிட்டேன். இந்தப் பயந்தாங்கொள்ளிக்கு அவ்வளவு கெட்டித்தனம் கிடையாது.

விசில் இல்லை, சிரிப்பும் முன்னையதைவிடக் குறைவு. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து, நான் வாய் திறக்கமுன் சிரிக்கிறார்கள். என்ன பொய் சொல்லப் போகிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த மனிதனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

ஆஸ்பத்திரியிலும் எனக்குப் பயம்தான், பத்மா. பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும் பயம், உம் முகத்தைப் பார்க்கவும் பயம். பயந்தபடி நிற்கத் தெரியாமல் மற்றவன் குரலுக்குள் போய் ஒளிந்தேன்.

வாரும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

கனகலிங்கம்


இரணைமடுக் குடியேற்றம்,
21.08.1961

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். வேறு ஒருவருடைய குரலும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது. கல்யாணம் கட்டி ஆறு வருடம், இந்த மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன்.

அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கோபம் ஆறவில்லை. "வரட்டும். என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்" என்றார். படலையைத் திறப்பாரா என்று நான் சொல்ல முடியாது. உங்களோடு திரும்பி வருவேனா என்றும் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வாருங்கள். வரும் வழியில், பஸ்ஸில் இருந்துகொண்டு என்ன சொல்வதென்று யோசிக்காதீர்கள். பிள்ளையைப் பற்றி உங்களிடம் கேட்பேன். பதில் வராவிட்டால், பதிலில்லாமலே என் முன்னால் நில்லுங்கள். நானும் நிற்கிறேன்.

பத்மா