பியூஸில் சுற்றிய கம்பி

நவம்பர் 4, செவ்வாய்

கேண்டீனில் பாதிச் சோற்றில் இருக்கும்போது புவான் ஹஸ்னாவிடமிருந்து வாட்ஸ்அப். எங்கள் புரோஜெக்டுக்குப் பொறுப்பான விரிவுரையாளர். அடுத்த வியாழக்கிழமை மூன்றாம் ஆண்டு ஜூனியர்களுக்கு நான் இருபது நிமிஷம் பேச வேண்டுமாம். தலைப்பும் அவரே வைத்துவிட்டார்: தோற்ற முதல் மெஷின் கற்றுத் தந்தது.

தட்டைத் தள்ளி வைத்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்த லோஷினி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "பேசுடி, நீதானே வாயாடி. என் கையையும் போட்டோ எடுத்துப் போட்டுக்கோ." வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவில் குறுக்காக, வழுவழுவென்று அந்தத் தழும்பு. நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

எழுதித்தான் பார்ப்போமே. இந்த டைரியில்கூட நான் உண்மையை எழுதினதில்லை.

ஜூலை 13, ஞாயிறு. பண்டார் தெங்காரா பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கிற ஒரு செம்பனைத் தோட்டம். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைக் குனியாமல் பொறுக்குகிற தள்ளுவண்டி, எங்கள் முதல் மெஷின். முன்னால் ஓர் உருளை, அதைச் சுற்ற ஒரு மோட்டார், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. கேம்பஸில் சிமெண்டுத் தரையில் பிங்பாங் பந்துகளைக் கொட்டி ஓட்டினோம். ஒன்றுவிடாமல் பொறுக்கியது. கைதட்டினோம். முட்டாள்கள்.

தோட்டத்தில் ஈர மண், காய்ந்த மட்டை. ஸ்டார்ட் செய்ததுமே பியூஸ் போனது. மாற்றினேன். போனது. மூன்றாவதும் போனது. ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர்பார்ட்ஸ் கடை மூடியிருந்தது. லோஷினி தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். பழைய வயரைச் சீவி இரண்டு செம்பு இழை எடுத்து, போன பியூஸின் இரண்டு கால்களிலும் சுற்றிச் சொருகினேன். ஓடியது! எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பத்து நிமிஷத்தில் மட்டை ஒன்று உருளையில் சிக்கியது. மோட்டார் நின்றுவிட்டது, கரண்ட் நிற்கவில்லை. வயர் உருகிப் புகைந்தது. அதற்குள் திரும்பி வந்திருந்த லோஷினி பாய்ந்து வயரைப் பிடித்து இழுத்தாள். நான் கத்திக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

புரோஜெக்ட் அறிக்கையில் விபத்துக்குக் காரணம்: பேட்டரி முனை சரியாக இறுகவில்லை. எழுதினது நான். முனைகளை இறுக்குவது லோஷினியின் வேலை.

ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்துக்கொண்டு அவள் என்னிடம் சொன்னாள்: "சாரிடி மிஷேல், நான் இன்னும் ஒரு சுத்து இறுக்கியிருக்கணும்."

நான் "பரவாயில்ல"ன்னு சொன்னேன். பரவாயில்லையாம்!

நவம்பர் 7, வெள்ளி

அலாமாக், மாட்டிக்கொண்டேன். இன்று லேப் வாசலில் பிரவீனா பிடித்துக்கொண்டாள். மூன்றாம் ஆண்டு, இந்த வருஷ மெஷின் குழுவுக்குத் தலைவி. "அக்கா, உங்க பழைய மெஷினை நாங்க எடுத்துக்கிட்டோம். புது வயர் போட்டாச்சு. கண்ட்ரோல் பெட்டி அப்படியே வச்சிருக்கோம் லா, அதுல என்ன கோளாறு இருக்கப் போகுது, பிரச்சனை பேட்டரி முனைதானே?"

பெட்டிக்குள் பியூஸ். பியூஸில் என் கம்பி. யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. மாதா, என்னைக் காப்பாத்து. இல்ல, அவங்களைக் காப்பாத்து.

22-ஆம் தேதி அதே தோட்டத்தில் ஓட்டப் போகிறார்களாம்.

நவம்பர் 8, சனி

செய்துவிட்டேன். லேப்பில் யாரும் இல்லாத நேரம் பெட்டியைத் திறந்து, கம்பி சுற்றியதை எடுத்துவிட்டுப் புது பத்து ஆம்ப் பியூஸ் போட்டேன். ஸ்க்ரூ இரண்டு தடவை விழுந்தது. பழையது இப்போது என் பென்சில் பெட்டியில். பியூஸ் நடுவில் கறுத்து, கம்பி மட்டும் முழுசாக இருக்கிறது.

முடிந்தது. பேச்சில் பேட்டரி முனை, சிமெண்டுத் தரை, குழு ஒற்றுமை என்று ஏதாவது அளந்துவிடலாம். செனாயில் இருக்கிற ஃபேக்டரி வேலைக்கு புவான் ஹஸ்னாவின் சிபாரிசுக் கடிதம் இன்னும் வரவில்லை. இந்த நேரத்தில் வாயைத் திறக்க நான் என்ன பைத்தியமா?

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச் பூசையில் பாவமன்னிப்பு ஜெபம் சொல்லும்போது பாதியில் குரல் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஆண்ட்டி இருமல் மிட்டாய் கொடுத்தார்.

நவம்பர் 11, செவ்வாய்

பிரவீனா போன். "அக்கா, நேத்துலேர்ந்து ஈர மண்ணுல ஓட்டிப் பார்க்கிறோம், பியூஸ் போயிக்கிட்டே இருக்கு. எங்க குழு ரூபேந்திரன் வயர் கம்பிய சுத்திடலாங்கிறான். சுத்திடலாமா?"

"வேணாம்!"னு கத்திட்டேன். லைப்ரரியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் அக்கா?"

ஏன்? சொல்லு மிஷேல், ஏன்? "வியாழக்கிழமை சொல்றேன், அதுவரைக்கும் மெஷினைத் தொடாதீங்க" என்று வைத்துவிட்டேன்.

கம்பியை எடுத்தால் போதும் என்று நினைத்தேனே. அந்த யோசனை இன்னொரு மண்டையில் தானாகவே முளைக்கிறது. என் மண்டையில் முளைத்த மாதிரியே.

நவம்பர் 12, புதன்

லோஷினியிடம் முதலில் சொல்லணும். நான் மேடையில் சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. மூன்று தடவை அவள் அறைக் கதவு வரை போனேன். நான்காவது தடவை அவளே திறந்தாள். பென்சில் பெட்டியிலிருந்து அந்தப் பியூஸை எடுத்து நீட்டினேன். சொன்னேன்.

ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாலு மாசமா எந்த ஸ்க்ரூவா இருந்தாலும் மூணு தடவ செக் பண்றேன். தெரியுமா உனக்கு?"

தெரியும். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கதவைச் சாத்திவிட்டாள்.

நவம்பர் 13, வியாழன்

பேசினேன்.

நாற்பது பேர். முன் வரிசையில் புவான் ஹஸ்னா. லோஷினியின் நாற்காலி காலி. அந்தப் பியூஸை எடுத்து கேமராவுக்குக் கீழே வைத்தேன். திரையில் செம்புக் கம்பி பெரிசாகத் தெரிந்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சொன்னதை ஞாபகத்துக்கு எழுதி வைக்கிறேன். மோட்டார் சும்மா ஓடும்போது ஏழு ஆம்ப். அதை மட்டும் அளந்து பத்து ஆம்ப் பியூஸ் போட்டேன். உருளை சிக்கி நின்றால் நாற்பத்தைந்து இழுக்கும், ஈர மண்ணில் ஸ்டார்ட் ஆகிற நொடியிலும் ஏறக்குறைய அவ்வளவு. அதை நான் அளக்கவே இல்லை. வயரோ பதினைந்துக்கு மேல் தாங்காது. பியூஸ் இருப்பது அந்த வயரைக் காப்பாற்ற. மூன்று தடவை அது தன் வேலையைச் சரியாகச் செய்தது, நான்காவது தடவை நான் அதன் வாயைக் கட்டிவிட்டேன். என்ன செய்திருக்கணும்? உருளையை வேண்டுமென்றே நிறுத்தி ஒரு நொடி, வயரைக் கவ்விக் கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரில் பார்த்திருக்கணும். தடித்த வயர், அந்த வயருக்கு ஏற்ற பியூஸ், மோட்டாரை மெதுவாகக் கிளப்புகிற கண்ட்ரோலர். சிவப்பு ஸ்டாப் பட்டன், கைக்கு எட்டுகிற இடத்தில். அது இருந்திருந்தால் யாரும் வயரைப் பிடித்திருக்க மாட்டார்கள்.

"அறிக்கையில பேட்டரி முனைன்னு இருக்கும். அது பொய். எழுதினது நான். முனை சரியாத்தான் இறுகியிருந்திச்சு. இறுக்கினது லோஷினி."

சொல்லி நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், பின் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

நவம்பர் 14, வெள்ளி

புவான் ஹஸ்னா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அறிக்கையைத் திருத்தி எழுதணும், மதிப்பெண் குறையும், விஷயம் துறைத் தலைவருக்குப் போகும். சிபாரிசுக் கடிதத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நவம்பர் 17, திங்கள்

லோஷினி பேசவில்லை. கேண்டீனில் வேறு மேசை.

நவம்பர் 19, புதன்

பேசவில்லை.

நவம்பர் 22, சனி

இன்று அவர்கள் தோட்டத்தில் ஓட்டுகிற நாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வேறு. ஈர மண், மட்டை. பத்து மணிக்கு பிரவீனா ஒரு போட்டோ அனுப்பினாள்: வண்டி, சிவப்பு பட்டன், பக்கத்தில் குடை பிடித்தபடி லோஷினி. அவள் போனதே எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பதினொன்று. பன்னிரண்டு. நான் போன் பண்ணவில்லை, என்ன கேட்டுவிடுவேனோ என்று பயம்.

பன்னிரண்டு இருபதுக்கு லோஷினியிடமிருந்து மெசேஜ். பத்து நாளில் முதல் தடவை.

"மட்டைய நாங்களே சொருகி நிறுத்திப் பார்த்தோம். தடிச்ச வயர், இருபது ஆம்ப் பியூஸ். மூணே செகண்ட்ல பியூஸ் போயிடுச்சு. வயரத் தொட்டுப் பார்த்தேன், அந்தத் தழும்புக் கையாலதான். சூடே இல்லடி."